இரண்டு விநாடியில் முழுங்கிய மாத்திரை

ஒரு பெண்மணி இரண்டே விநாடியில் மாத்திரை போட்டுக்கொள்கிறாராம். தண்ணீர்கூடத் தேவையில்லையாம். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இருபத்தெட்டு நாள், ஒரு வேளைகூடத் தப்பவில்லையாம். இப்படி ஒரு பேச்சு கொஞ்ச நாளாக உலவிக்கொண்டிருந்தது.

பேச்சு என்றால் அது போகிற இடமெல்லாம் உடம்பு வைக்குமல்லவா. மருந்துக் கடைக்காரர் வாயில் அந்த இரண்டு விநாடி ஒரு விநாடியாகச் சுருங்கியிருந்தது. பஸ் டிப்போ கேன்டீனில் விசாரித்தால், "மாத்திரையே கிடையாதுங்க, வாட்ச் அடியில ஒரு ஊசி இருக்கு, அதுவே மருந்த ஏத்திடும்" என்று சத்தியம் செய்தார்கள். ஒருவர் அந்த ஊசியைப் பார்த்தவரைப் பார்த்திருக்கிறாராம்.

நூலைப் பிடித்துக்கொண்டே போனதில் அது போய் முடிந்த இடம் ஒரு சின்னக் கம்பெனியின் காபி மெஷின். மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப் செய்கிற கம்பெனி அது. போனில் இருந்த ஆப்புக்கு ஒரு தம்பி பிறக்கட்டும், கைக்கடிகாரத்திலும் வரட்டும் என்று முடிவெடுத்து, முப்பது பேர் கையில் வாட்சைக் கட்டிச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே விசாரித்தபோதுதான் வேடிக்கை. ஊசியைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். பதிவு இருக்கிறது. பதினேழாம் எண்: ஐம்பத்தாறு வேளைக்கு ஐம்பத்தாறு. வாட்ச் அதிர்ந்ததிலிருந்து 'எடுத்தாச்சு' என்று பதில் வந்தது வரை சராசரி ஒன்று புள்ளி ஒன்பது விநாடி.

அந்தக் கம்பெனியில் வாட்சுத் திரையை வடிவமைத்தவளுக்கு 'கட்டம்' என்று பெயர். அவளைப் பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள், அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. யார் எதைச் சொல்ல வந்தாலும், "இருங்க, இருங்க" என்று ஒரு காகிதத்தை இழுத்து முதலில் ஒரு கட்டம் போடுவாள். நீங்கள் சொல்ல வந்தது அந்தக் கட்டத்துக்குள் அடங்கினால்தான் காதில் ஏறும்.

பழக்கம் பழையது. பத்தொன்பது வயதில் ஒரு அச்சகத்தில் சேர்ந்து, பதினாறு வருஷம் மருந்து பாட்டில்களுக்கு லேபிள் வரைந்தவள். இரண்டு விரல் அகலத்தில் மருந்தின் பெயர், அளவு, எச்சரிக்கை, காலாவதித் தேதி, கம்பெனி முகவரி, அதற்கு மேல் முதலாளிக்குப் பிடித்த ஒரு பூ. அச்சகம் மூடியபோது அவளிடம் இருந்த ஒரே சொத்து, எதையும் சின்னதாக்கிவிடும் கை. வீட்டில் கணவருக்கு எழுதிவைக்கும் சீட்டுகூட 'அரிசி. ஊறணும். எட்டு' என்ற அளவில்தான் இருக்கும். அந்த மனுஷர் ஒருமுறை எட்டு ஆழாக்கு ஊறப்போட்டுவிட்டார். எட்டு மணி என்பது அப்புறம்தான் தெரிந்தது. எழுத்தில்தான் இந்தச் சிக்கனம். வாயைத் திறந்தால் லிஃப்ட் கீழே போய் மேலே வந்து மறுபடி கீழே போகும்வரை பேசுவாள்.

வாட்சு வேலை வந்தபோது அவளுக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. இரண்டு விரல் அகலத்திலிருந்து ஒரு பிஸ்கட்டைவிடச் சின்ன வட்டத்துக்கு இறங்குவது அவளுக்குப் பதவி உயர்வு. காகிதத்தில் வட்டம் வட்டமாக வெட்டி, ஆபீசில் எல்லார் மணிக்கட்டிலும் டேப் போட்டு ஒட்டினாள். ஒரு கையில் பையைக் கொடுத்து, மறு கையை ஈரமாக்கி, "இப்ப அழுத்துங்க" என்பாள். கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "இப்ப படிங்க" என்பாள். மாத்திரையின் பெயரை எழுதினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நம் வியாதி தெரிந்துவிடும் என்று அதைத் தூக்கினாள். மாத்திரையின் நிறத்தில் ஒரு பொட்டு, 'நீலம் 1', அவ்வளவுதான்.

அவளுக்கு மேலே ஒரு மேனேஜர். ஆபீசில் அவருக்கு 'செகண்டு' என்று பெயர். "கையைத் தூக்கினதுல இருந்து இறக்குற வரைக்கும் அஞ்சு செகண்டு. அதுக்கு மேல போச்சுன்னா கை வலிக்கும், மனுஷன் வாட்சைக் கழட்டிடுவான்" என்பது அவருடைய வேதம். அதில் தப்பும் இல்லை. மணிக்கட்டில் யாரும் நாவல் படிப்பதில்லை.

வேதத்தை மதித்து, திரையின் முக்கால் பாகத்தை ஒரே பொத்தானாக்கினாள் கட்டம். பச்சை நிறம், 'எடுத்தாச்சு'. கட்டைவிரலை எங்கே வைத்தாலும் அதில்தான் விழும். 'பிறகு' என்ற பொத்தான் வேண்டுமென்றால் திரையைக் கீழே தள்ளிப் பார்க்கவேண்டும். பதில் சொல்லாவிட்டால் ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் வாட்ச் அதிரும். சொன்னால் வாயை மூடிக்கொள்ளும்.

"கண்ணாடி வேணாம், நிதானம் வேணாம், மூளைகூட வேணாம், சார்" என்று பெருமையாகக் காட்டினாள். செகண்டு கைதட்டினார். அவள் சொன்னதில் கடைசி வார்த்தை எவ்வளவு உண்மை என்பது இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

முப்பது பேரில் மற்றவர்களெல்லாம் சாதாரண ஜீவன்கள். பதினைந்து விநாடி, பத்து நிமிஷம், ஒருவர் மறுநாள். பதினேழு மட்டும் மின்னல். "யாருங்க இந்த மகராசி? திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க, மொத ஸ்லைடே இவங்கதான்" என்று செகண்டு குதித்தார். பதிவில் பெயர் கிடையாது. ஆனால் கட்டத்துக்குத் தெரியும். அந்த வாட்சைக் கட்டிவிட்டதே அவள்தான். பதினேழு அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். ஐம்பத்தெட்டு வயது. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகவேண்டும் என்பதை இருபத்தாறு வருஷமாக ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தீர்மானிப்பவர். டிரைவர்கள் ஆண்டவனுக்குப் பயப்படாவிட்டாலும் அந்த ஜன்னலுக்குப் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவர் மாத்திரையை நேரத்துக்குப் போடுவதில் என்ன அதிசயம் என்றுதான் கட்டமும் நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. காபி மெஷின் பக்கத்தில் நின்று நாலு பேரிடம் சொன்னதும் அவள்தான். ஊர் முழுக்க உலவிய பேச்சின் ஊற்றுக்கண் அது.

வெள்ளிக்கிழமை மதியம் நாத்தனார் போன் செய்தார்.

"ஏம்மா கட்டம், நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறேன். அந்த வாட்சு ரிப்போர்ட்ட ஒரு பிரிண்டு எடுத்துட்டு வந்துடு."

"எடுத்துட்டு வரேன் அண்ணி. நூத்துக்கு நூறு. டாக்டர் பிரேம் போட்டு மாட்டப்போறார்."

"மாட்டட்டும். பிரஷர்தான் கீழ இறங்க மாட்டேங்குது. நூத்தி அறுபத்தஞ்சு, நூத்தி எழுபதுன்னு மாடியிலயே குடியிருக்கு. ஒழுங்கா போட்டும் குறையலேன்னா மருந்து பத்தலைன்னு அர்த்தம், ரெட்டிப்பாக்கணும்னு போன தடவையே சொல்லிட்டார்."

போனை வைத்த பிறகு கட்டம் ஒரு காகிதத்தை இழுத்தாள். ஒரு கட்டம் போட்டு அதில் 'நூற்றுக்கு நூறு' என்று எழுதினாள். பக்கத்தில் இன்னொன்று போட்டு '170' என்று எழுதினாள். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

எழுந்து காபி மெஷின் பக்கம் போனாள். ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை மேஜையில் வைத்தாள். போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, மிட்டாயைக் காகிதத்திலிருந்து உரித்து, தம்ளர் தேடி, தண்ணீர் பிடித்து, வாயில் போட்டு முழுங்கினாள். அது தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. இருமி முடித்துப் பார்த்தால் முப்பத்தொன்பது விநாடி.

செகண்டு வாசலில் நின்றிருந்தார். "மேடம், என்ன பண்றீங்க?"

"ரெண்டு செகண்டுல மாத்திரை போட முடியுமான்னு பாக்கறேன் சார்."

"ரெண்டு செகண்டுலயா? யாராலயும் முடியாதே" என்று சொன்னவர், சொன்னதைத் தானே கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு, "திங்கட்கிழமை வரைக்கும் இதைப் பத்தி யோசிக்காதீங்க" என்றார்.

கட்டம் யோசிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனாள்.

ஐந்தே முக்காலுக்கு டைம்கீப்பர் அறையில் நுழையும்போது நாத்தனார் ராஜ்ஜியம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் வரிசை. ஒரு கையில் பேனா, மறு கையில் முத்திரைக் கட்டை.

"நீ எங்க இங்க? வீட்டுல ஏதாவது தீஞ்சிபோச்சா?"

"சும்மாதான் அண்ணி. இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் டிப்போவையும் சுடுகாட்டையும் தவிர ஒண்ணும் இல்ல. எதுக்கு வந்தே?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். "யோவ், கையெழுத்துப் போடாம எங்க ஓடுறே? வண்டி உன் மாமனார் வீட்டுதா?"

சரியாக ஆறு மணிக்கு மணிக்கட்டு அதிர்ந்தது. பேனா பிடித்த கை மேஜைமேல் இருந்ததால் மேஜையும் சேர்ந்து உறுமியது. நாத்தனார் பேனாவைக் கீழே வைக்கவில்லை, வாட்சைப் பார்க்கவுமில்லை. முத்திரை பிடித்த கையின் கட்டைவிரல் மட்டும் தனியாகப் போய்த் திரையைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. ஒரு டிக் அடையாளம் வந்து மறைந்தது. இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது.

கட்டம் காத்திருந்தாள். ஒரு வண்டி போனது. இன்னொன்று போனது. மூன்றாவது டிரைவர் டயரைப் பற்றிப் புகார் சொல்ல, நாத்தனார் டிரைவரைப் பற்றிப் புகார் சொல்ல, ஆறே முக்கால் ஆகிவிட்டது.

"அண்ணி, மாத்திரை?"

"ம்?"

"ஆறு மணி மாத்திரை."

"அதான் போட்டாச்சே" என்று சொல்லி வாட்சைக் காட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். கைப்பையைப் பார்த்தார். கைப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மாட்டியதிலிருந்து அது அசையவேயில்லை.

"இதோ போடப்போறேன்ல" என்றார்.

"ஆனா போட்டாச்சுன்னு அழுத்திட்டீங்களே."

"அழுத்தாம? அது கூப்பிட்டா பதில் சொல்லணும்ல. இங்க பாரு." பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். "வண்டி வெளிய போறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குவோம். போயிட்டு வந்தப்புறம் கையெழுத்து வாங்குற டிப்போ எங்கயாவது பாத்திருக்கியா? மொதல்ல கையெழுத்து, அப்புறம்தான் வண்டி. இருபத்தாறு வருஷமா அப்படித்தான்."

"வண்டி கிளம்பாமயே நின்னுட்டா?"

"கையெழுத்துப் போட்ட வண்டி எப்படி நிக்கும்?"

கட்டம் கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் ஆறு மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மிச்ச மாத்திரை அட்டைகள் மேஜையில் பரப்பப்பட்டன. வாங்கியது அறுபது. இன்றோடு இருபத்தெட்டு நாள். கணக்குப்படி மிச்சம் நாலு இருக்கவேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினார்கள். நாத்தனார் இரண்டாவது தரமும் எண்ணினார், முதல் எண்ணிக்கை தன்னுடையதல்ல என்பதுபோல.

இருபத்துமூன்று.

"பத்தொன்பது வண்டி டிப்போவிலேயே நின்னிருக்கு அண்ணி" என்றாள் கட்டம்.

கேட்டுப் பார்த்ததில் காலை வேளையில் தவறே இல்லை. பல் துலக்குகிற இடத்தில்தான் கைப்பை தொங்கும், வாட்ச் அதிரும், கை பக்கத்திலேயே போகும். தவறியதெல்லாம் மாலை. ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கிற நேரம்.

நாத்தனார் அட்டைகளை அவசரமாகப் பைக்குள் தள்ளினார். "இதை டாக்டர்கிட்ட சொல்லாதே."

"சொல்லாம எப்படி? நாளைக்கு ரெட்டிப்பாக்கிடுவார். என்னைக்காவது ஒரு நாள் நீங்க ரெண்டு வேளையும் ஒழுங்கா போட்டீங்கன்னா பிரஷர் தடால்னு இறங்கும். இந்த ஜன்னல்லயே மயங்கி விழுவீங்க."

"விழுந்தா விழறேன். அந்த ஆள்கிட்ட போன மாசம் என்ன சொல்லிட்டு வந்திருக்கேன் தெரியுமா? 'சார், நான் டைம்கீப்பர், என்கிட்ட நேரம் தப்பாது'ன்னு. நர்ஸ் முன்னாடி சொன்னேன். இப்ப போய்ப் பத்தொன்பது தப்பிடுச்சுன்னு சொல்லச் சொல்றியா? அதுக்கு மயங்கி விழறதே மேல்."

அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. வரிசையிலிருந்த டிரைவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். பயத்தில் பார்த்தார் என்றும் சொல்லலாம்.

கட்டம் கொஞ்ச நேரம் அந்தப் பச்சைப் பொத்தானையே மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் திரை. எங்கே தொட்டாலும் விழும். வாட்சின் வாயை அடைக்க இருந்த ஒரே சுலபமான வழி 'எடுத்தாச்சு' என்று சொல்வதுதான். வண்டிக்கு முன்னால் கையெழுத்து வாங்கியது டிப்போ மட்டுமில்லை. அவளும்தான்.

"நான் சொல்றேன் அண்ணி. தப்பு என்னுதுன்னு சொல்றேன்."

நாத்தனார் மூக்கைச் சிந்தினார். "சொல்லு. ஆனா நல்லா அழுத்திச் சொல்லு."

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார். "ஐம்பத்தாறுக்கு ஐம்பத்தாறு! அப்ப நிச்சயமா இந்த டோஸ் பத்தலை" என்று பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று கட்டம் எழுந்தாள். ஒரு நிமிஷம் என்று அவள் சொன்னால் வழக்கமாகக் கால்மணி நேரம். அன்றைக்கு மூன்றே வாக்கியத்தில் முடித்தாள். பொத்தானைத் தப்பாக வைத்தது தான் என்றாள். அது மாத்திரை போட்டதைப் பதிவு செய்யவில்லை, சத்தத்தை நிறுத்தியதைத்தான் பதிவு செய்தது என்றாள். தவறியதெல்லாம் மாலை வேளை என்று சொல்லி மிச்ச மாத்திரைகளை மேஜையில் வைத்தாள்.

டாக்டர் எண்ணினார். பேனாவை மூடினார். "மாலை வேளை பாதிக்கு மேல போகவே இல்ல. டோஸை ஏன் கூட்டணும்? இதையே ரெண்டு வாரம் நிஜமா போட்டுட்டு வாங்க. அட்டையையும் கொண்டுவாங்க, வாட்சை மட்டும் நம்ப மாட்டேன்."

"கேட்டியா, வாட்சுதான் தப்பு" என்றார் நாத்தனார், நர்ஸுக்குக் கேட்கும்படி.

திங்கட்கிழமை காலை கட்டம் செகண்டின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் ஸ்லைடு போயிற்று. செகண்டு நாற்காலியில் அரை அடி கீழே இறங்கினார்.

"புது வடிவம் இதான் சார்." இரண்டு வட்டம் வரைந்தாள். "முதல்ல அதிரும். 'சரி'ன்னு ஒரே பொத்தான். அது சத்தத்தை மட்டும் நிறுத்தும், பதிவுல ஒண்ணும் ஏறாது. பத்து நிமிஷம் கழிச்சு மெதுவா ஒரு தட்டு. 'போட்டாச்சா?' அதுக்கு ரெண்டே பதில், 'ஆமா', 'இன்னும் இல்ல', சம அளவுல. பதிலே வரலைன்னா அந்த இடம் காலி. காலியைப் போட்டதா எண்ணக் கூடாது, போடலைன்னும் எண்ணக் கூடாது."

"முன்னாடியே போட்டவங்களை மறுபடி தட்டி எழுப்புவீங்களா?"

"அவங்க போன்லயோ வாட்சுலயோ அப்பவே குறிச்சுட்டா ரெண்டாவது தட்டு வராது. ரெண்டு இடமும் பேசிக்கும்."

"ரெண்டு தடவை கையைத் தூக்கணுமே மேடம்!"

"தடவைக்கு ரெண்டு செகண்டு. கூட்டினாலும் நாலு. உங்க அஞ்சுக்குள்ளதான் சார் வருது."

செகண்டு விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். வேதத்துக்குப் பங்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்களிடம், நாங்களே எங்கள் தப்பைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லி, அந்த 'நாங்களே'யில் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

முப்பது பேரும் புது வாட்சோடு மறுபடி சோதனைக்கு இறங்க, நாத்தனாருக்கு இரண்டு வாரம் ஓடியது. மாலை மாத்திரை அட்டை கைப்பையிலிருந்து முத்திரைக் கட்டைப் பெட்டிக்குக் குடிமாறியது. பத்து நிமிஷம் கழித்து வருகிற அந்தத் தட்டுக்கு டிப்போவில் 'செக்கிங் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரஷர் நூற்று முப்பத்தெட்டுக்கு இறங்கியது. டோஸ் கூடவில்லை. டாக்டர் அட்டையையும் எண்ணினார், ரிப்போர்ட்டையும் எண்ணினார்.

இருபத்தெட்டு வேளை. 'ஆமா' இருபத்தைந்து. 'இன்னும் இல்ல' என்று சொல்லி, கடைசிவரை போடாமலே விட்டது இரண்டு. நாத்தனார் தன் கட்டைவிரலால் ஒப்புக்கொண்ட முதல் தோல்விகள் அவை. காலி ஒன்று, பதினோராம் நாள் மாலை. அட்டையிலோ இருபத்தாறு மாத்திரை குறைந்திருந்தது. அந்தக் காலி வேளையிலும் மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கிறது. வாட்சுக்கு மட்டும் சொல்லப்படவில்லை.

"அன்னைக்கு ரெண்டு வண்டி ஒண்ணோட ஒண்ணு உரசிடுச்சு. எனக்கு எங்க நேரம்?" என்றார் நாத்தனார்.

"பரவாயில்ல அண்ணி. போன்ல அந்த நாளைத் திறந்து 'ஆமா'ன்னு குறிச்சுடுங்க. பின்னாடி குறிச்சதுன்னு தனியா காட்டும், அவ்வளவுதான். சோதனைக் கணக்கு உங்க ஒரு பதிலுக்காகத்தான் மூடாம நிக்குது."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "முடிஞ்சுபோன தேதியில பேனா வைக்கச் சொல்றியா? என்னைப் பாத்தா அப்படிப்பட்டவளாவா தெரியுது?"

"அது பேனா இல்ல அண்ணி. ஒரு விரல்."

"விரல்னாலும் அதேதான்."

முப்பது பேரில் இருபத்தொன்பது பேரின் பதில் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. கட்டம் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்கிறாள், வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டாள், ஒருமுறை நாத்தனாரின் தம்பியை, அதாவது தன் கணவரை, தூதும் அனுப்பினாள். அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பதினேழாம் எண் இன்றுவரை ஒரு 'ஆமா' பாக்கி.